“எனக்கு என்ன நோய் சார்?”: மனச்சிதைவு நோயைச் சொல்லும் ஒரு ஆஸ்கி நிலையம் உருவான விதம்

மனநல மருத்துவம் படிக்கும் எம்.டி. மாணவர் ஒருவர் மனச்சிதைவு நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க நம்மிடம் லாங் கேஸ் இருக்கிறது, ஷார்ட் கேஸ் இருக்கிறது, வைவா இருக்கிறது. கண்டுபிடித்ததை அந்த நோயாளியிடமே உட்கார்ந்து சொல்லத் தெரியுமா என்று இவை எதிலும் பார்ப்பதில்லை. அதனால் படித்து முடித்து வெளியே போகிறவர்களில் பலர், “நரம்புத் தளர்ச்சி, மாத்திரை போடுங்க, சரியாகிடும்” என்று சொல்லிவிட்டு நோயின் பெயரைக் கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதுகிறார்கள். எங்கள் துறையின் உள் தேர்வுக்காக இந்தத் திறனை மட்டும் சோதிக்கும் நிலையம் ஒன்றை அமைத்தோம். அது எப்படி உருவானது, மதிப்பெண் திட்டம் ஏன் இந்த வடிவத்துக்கு வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு திறனையும் தனித்தனி நிலையத்தில் சோதிக்கும் ஆஸ்கி தேர்வு முறை 1975-இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்தியது. எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி, ஒரே நேரம், ஒரே அளவுகோல். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் தையல் போடுவதற்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. உரையாடலுக்குப் பொருத்தும்போது ஒரு சிக்கல் வருகிறது. எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ மாணவர்கள் அதைத்தான் செய்வார்கள். “நோயின் பெயரைச் சொன்னார்: 1 மதிப்பெண்” என்று எழுதினால், பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆனது என்பது தாளில் எங்கும் பதிவாகாது. எங்கள் மனதில் இருந்த கேள்வி, பத்து நிமிடம் முடிந்து அந்த இளைஞர் வெளியே போகும்போது தனக்கு என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா, தெரிந்ததோடு அவரால் நிற்க முடிகிறதா என்பதுதான்.

நோயாளியைத் தேர்ந்தெடுத்தது

மனநல நோய்களில் எதை எடுப்பது என்று நிறைய பேசினோம். மனச்சோர்வு என்றால் நோயாளிகள் பெரும்பாலும் பெயரை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். டிமென்ஷியா என்றால் யாரிடம் சொல்வது என்பதே பாதிக் கேள்வியாகிவிடும். கடைசியில் முதல்முறை மனச்சிதைவு வந்த ஒரு இளைஞர் என்று முடிவு செய்தோம்.

கதாபாத்திரத்துக்கு கார்த்திக் என்று பெயர் வைத்தோம். வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை பார்த்தவர். ஏழு மாதமாக, இரண்டு ஆண்கள் தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தான் செய்வதையெல்லாம் சொல்லிக் காட்டுவதும் அவருக்குக் கேட்டது. கடைக்காரர்கள் தன் போன் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். வேலைக்குப் போவதை நிறுத்தினார். செய்வினை என்று வீட்டில் நினைத்து ஒரு கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். அப்புறம்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். உள்நோயாளியாக நான்கு வாரம் ஆகிறது. இரவில் ரிஸ்பெரிடோன் 4 மி.கி. குரல்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன, எப்போதாவது மெல்லக் கேட்கின்றன. “அது என் மனசுல இருந்தே வந்திருக்கலாம்” என்று இப்போது அவரே சொல்கிறார். முந்தைய நாள் ரவுண்ட்ஸில் பேராசிரியரிடம், “எனக்கு என்ன நோய் சார்?” என்று கேட்டிருக்கிறார்.

இந்த விவரங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஏழு மாதம் என்று வைத்தது, நோயின் பெயரில் சந்தேகத்துக்கே இடம் இருக்கக்கூடாது என்பதற்காக. ஐ.சி.டி.-11 ஒரு மாதம் கேட்கிறது, டி.எஸ்.எம்.-5 ஆறு மாதம் கேட்கிறது. ஏழு என்றால் இரண்டும் பொருந்தும். முதல் வரைவில் இரண்டரை மாதம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்த ஒரு சக ஆசிரியர், “நல்ல மாணவன் ‘இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது’ன்னுதான் சொல்லுவான். அவனுக்கு எப்படி மார்க் போடுவீங்க?” என்று கேட்டார். அவர் சொன்னது சரி. உறுதியில்லாத நோயை எப்படிச் சொல்வது என்பது தனித் திறன், அதற்குத் தனி நிலையம் வேண்டும். அதே காரணத்துக்காக, தைராய்டு, மூளை ஸ்கேன், சிறுநீரில் போதைப்பொருள் சோதனை எல்லாம் இயல்பு என்றும், மது, கஞ்சா இல்லை என்றும் குறிப்புத் தாளிலேயே எழுதினோம். இல்லாவிட்டால் மாணவர்கள் பாதி நேரத்தை வரலாறு கேட்பதிலேயே செலவழித்துவிடுவார்கள்.

குரல்கள் முழுமையாக நின்றுவிட்டதாகவும் எழுதவில்லை, கடுமையாக இருப்பதாகவும் எழுதவில்லை. கடுமையான மருட்சியில் இருப்பவரிடம் பெயரைச் சொல்லி உட்கார வைப்பது அந்த நேரத்துக்கு ஏற்ற சிகிச்சை ஆகாது. முழுக்கத் தெளிந்தவர் என்றால் உரையாடல் எளிதாகிவிடும். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமும் கலந்த இந்தக் கட்டத்தில்தான் நம் வார்டுகளில் இந்தக் கேள்வி வழக்கமாக எழுகிறது.

அப்பாவை எங்கே உட்கார வைப்பது

நம் ஊரில் நோயைச் சொல்லும் உரையாடல் இரண்டு பேருக்கு இடையே நடப்பதில்லை, குடும்பத்தோடு நடக்கிறது. அதனால் அப்பாவாக ஒருவரை அறைக்குள்ளேயே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தோம். மாணவர்கள் எல்லாரும் அப்பாவிடமே பேசினார்கள். கார்த்திக்கைப் பார்த்து ஒரு வாக்கியம், அப்பாவைப் பார்த்து ஐந்து வாக்கியம். உண்மையிலும் நடப்பது இதுதான் என்பதால் அது பயனுள்ள காட்சிதான். ஆனால் குடும்பத்தைக் கையாளும் திறனும் நோயைச் சொல்லும் திறனும் ஒன்றாகக் கலந்து, எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் போனது.

அதனால் அப்பாவை வெளியே அனுப்பினோம், அவருடைய கோரிக்கையை மட்டும் தாளில் வைத்துக்கொண்டோம். மாணவருக்கான குறிப்பு இப்படி முடிகிறது:

“கார்த்திக் தன் அப்பாவை நியமனப் பிரதிநிதியாக எழுத்தில் நியமித்திருக்கிறார். இன்று காலை அப்பா உங்களைச் சந்தித்து, ‘அவன்கிட்ட நோயோட பேரைச் சொல்லாதீங்க, உடைஞ்சு போயிடுவான். நரம்புத் தளர்ச்சின்னே சொல்லுங்க’ என்று கேட்டுக்கொண்டார். கார்த்திக்குக்குத் தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வரலாறு கேட்க வேண்டாம், மருந்து மாற்ற வேண்டாம். நேரம் பத்து நிமிடம்.”

இதற்குள் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 22-ஆம் பிரிவு, நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் பக்கவிளைவுகளையும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கும் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கும் தருகிறது. தகவல் அவருக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது அப்பா கேட்டார் என்பதற்காக மகனிடம் பொய் சொல்ல முடியாது. இது எல்லா மாணவருக்கும் தெரியும். அவர்கள் தடுமாறும் இடம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆறாவது நிமிடம் வாக்கில் கார்த்திக், “அப்பாகிட்ட இதைச் சொல்லாதீங்க சார். தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வர்றாங்க” என்பார். “யாருக்கும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க” என்று சட்டென்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. ஆனால் நியமனப் பிரதிநிதி தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலை அவருக்குத் தரலாம் என்று விதிவிலக்கும் வைத்திருக்கிறது. அதனால் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். நல்ல பதில் இப்படி இருக்கும்: “பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கோ சொந்தக்காரங்களுக்கோ எங்ககிட்டேருந்து எதுவும் போகாது. அப்பாவை நீங்கதான் பிரதிநிதியா போட்டிருக்கீங்க, அதனால சிகிச்சைக்குத் தேவையானது அவருக்குத் தெரிய வேண்டியிருக்கும். அதை எப்படிச் சொல்லலாம், நீங்களும் கூட இருக்கணுமான்னு நாம பேசி முடிவு பண்ணலாம்.”

நடிகருக்கான தாள்

நிலையத்தின் தரம் பாதிக்கு மேல் இந்தத் தாளில்தான் இருக்கிறது. கார்த்திக்காக நடிப்பவர் எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதே நேரத்தில் மாணவர் பேசுவதற்கு ஏற்ப மாறவும் வேண்டும். அதனால் வசனங்களை எழுதித் தருவதைவிட, எது நடந்தால் எப்படி நடந்துகொள்வது என்ற விதிகளை எழுதினோம்.

ஆரம்ப வாக்கியம் மட்டும் மாறாதது: “நேத்து பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன் சார், எனக்கு என்ன நோய்னு. நீங்க சொல்லுவீங்கன்னாங்க.” என்ன நினைக்கிறீர்கள் என்று மாணவர் கேட்டால் மட்டுமே, “செய்வினைன்னு அம்மா சொல்றாங்க. எனக்கும் பாதி அப்படித்தான் தோணுது” என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் அது கடைசிவரை வெளியே வராது.

இந்தத் தாளில் நான் முக்கியமாக நினைக்கும் விதி ஒன்று உண்டு. வெளிநாட்டு மாதிரித் தாள்களில், புரியாத சொல் வந்தால் நடிகர் “அப்படின்னா என்ன?” என்று கேட்க வேண்டும் என்று இருக்கும். நாங்கள் அதை எடுத்துவிட்டோம். எங்கள் கார்த்திக் புரியாதபோது தலையாட்டி, “சரிங்க சார்” என்பார். நம் நோயாளிகள் செய்வது அதுதான். டாக்டரிடம் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். மாணவர் “நான் சொன்னதில் என்ன புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்டால் மட்டுமே உண்மை வெளியே வரும். அதுவரை கலைச்சொல்லாகவே பேசியிருந்தால், “ஏதோ நரம்புல கோளாறுன்னு சொல்றீங்க” என்று நடிகர் பதில் சொல்வார். எளிமையாகப் பேசியிருந்தால் சரியான பதில் வரும். இந்த ஒரு விதியால் நல்ல மாணவருக்கும் மனப்பாட மாணவருக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

பெயர் சொல்லப்பட்ட பிறகு ஐந்து விநாடி மௌனம். மாணவர் அந்த மௌனத்தைக் காத்தால், “அப்ப இதுக்கு ஒரு பேரு இருக்கு. எனக்கு மட்டும் வந்ததில்லையா?” என்று நடிகர் சொல்ல வேண்டும். எங்கள் முதல் வரைவில் இங்கே அழுகை இருந்தது. இதே நோயோடு பல ஆண்டுகளாக நலமாக வாழும் ஒருவரிடம் தாளைக் காட்டினோம், அதற்கு உரிய சம்பளமும் கொடுத்தோம். பெயரைக் கேட்டபோது தனக்கு முதலில் வந்தது நிம்மதி என்றும், பயம் அன்று இரவுதான் வந்தது என்றும் அவர் சொன்னார். அதனால் மாற்றினோம். அழுகைக்கு ஆறுதல் சொல்ல மாணவர்கள் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். நிம்மதியைக் கண்டுகொள்ள அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எட்டாவது நிமிடத்தில், மாணவர் என்ன பேசிக்கொண்டிருந்தாலும், நடிகர் தரையைப் பார்த்து, “இனிமே நான் இருந்து என்ன பிரயோஜனம் சார்” என்பார். நோயைப் பற்றிய தெளிவு வரும்போது மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடலாம். இளம் வயது, நோயின் ஆரம்பக் காலம், வீடு திரும்பும் நேரம் எல்லாம் ஆபத்து கூடிய காலங்கள். பெயரைச் சொல்லும் உரையாடலில் இந்தக் கேள்வி இயல்பாகவே இருக்கிறது, தனியாக ஒட்டவைத்தது இல்லை. நேரத்தை எட்டாவது நிமிடம் என்று கட்டிப்போட்டதால் எல்லா மாணவருக்கும் பதில் சொல்ல இரண்டு நிமிடம் கிடைக்கிறது.

நடிப்பவர் நலனையும் பார்க்க வேண்டும். நான்கு மாணவருக்கு ஒருமுறை ஓய்வு, முடிந்ததும் பாத்திரத்திலிருந்து வெளியே வரச் சிறிது நேரப் பேச்சு. குடும்பத்தில் இந்த நோயோ தற்கொலையோ நடந்தவர்களுக்கு மறுக்கும் வசதியை முன்கூட்டியே சொல்லித்தான் ஆள் தேர்ந்தெடுத்தோம்.

மதிப்பெண் திட்டம்

பழைய பாணியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் கையில் இருந்தது: இருபது வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வணக்கம் சொன்னார், தன்னை அறிமுகம் செய்தார், நோயின் பெயர் சொன்னார், டோபமைன் பற்றி விளக்கினார் என்று போகும். அதையும் புதிய திட்டத்தையும் ஒரே ஒத்திகையில் வைத்துப் பார்த்தோம். புதிய திட்டம் இது:

| பகுதி | மதிப்பெண் |
|---|---|
| தொடக்கம்: என்ன தெரியும், என்ன நினைக்கிறார், எவ்வளவு தெரிய விரும்புகிறார் | 3 |
| நோயின் பெயரும் விளக்கமும் | 4 |
| உணர்ச்சிக்குப் பதில் | 5 |
| கேட்ட கேள்விகளுக்குச் சரியான தகவல் | 3 |
| தற்கொலை எண்ணம், ரகசியம், அடுத்த சந்திப்பு | 3 |
| நடிகர் தரும் மதிப்பெண் | 2 |

இதோடு தேர்வாளர் தனியாக ஒரு ஒட்டுமொத்தத் தரமும் போடுவார்: தேறவில்லை, எல்லைக்கோடு, தேறினார், சிறப்பு. அது கூட்டலில் சேராது.

உணர்ச்சிக்கு 5, தகவலுக்கு 3 என்று வைத்ததற்கு எதிர்ப்பு வந்தது. மருத்துவர் தகவல் தெரிந்தவராக இருக்க வேண்டாமா என்றார்கள். தகவல் தெரியுமா என்பதை எழுத்துத் தேர்வும் வைவாவும் ஏற்கெனவே பார்க்கின்றன. இங்கே மட்டுமே பார்க்கக்கூடியதற்கு இங்கே எடை கூடுதல்.

‘பரிவு காட்டினார்’ என்று எழுதினால் இரண்டு தேர்வாளர்கள் இரண்டு விதமாகப் போடுவார்கள். ஒத்திகையில் ஒரு மாணவி கார்த்திக்கின் தோளைத் தொட்டார். ஒருவர் முழு மதிப்பெண் போட்டார், இன்னொருவர் கண்காணிப்புப் பயத்திலிருந்து இப்போதுதான் மீண்டுவரும் ஒருவரைக் கேட்காமல் தொடலாமா என்று குறைத்தார். அதனால் 5 மதிப்பெண்ணையும் கண்ணுக்குத் தெரியும் செயல்களில் கட்டினோம். பெயரைச் சொன்ன பிறகு மூன்று விநாடியாவது பேசாமல் இருந்தால் 1. நடிகர் காட்டிய உணர்வை, அது நிம்மதியோ பயமோ, அதன் பெயரால் குறிப்பிட்டால் 2. தவறாகப் பெயரிட்டுத் திருத்திக்கொண்டால் 1. அந்த உணர்வுக்குப் பிறகே அடுத்த தகவலுக்குப் போனால் 1. தங்கை பற்றிய கவலையை அலட்சியம் செய்யாமல் எடுத்துக்கொண்டால் 1. தோளைத் தொடுவதற்கு மதிப்பெண் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

பெயருக்கான 4-இல், ‘மனச்சிதைவு நோய்’ அல்லது ‘ஸ்கிசோப்ரினியா’ என்று தெளிவாகச் சொன்னால் 1. ‘மனநோய்’, ‘நரம்புப் பிரச்சினை’ என்று மட்டும் நிறுத்தினால் பூஜ்யம். அந்தப் பெயரைக் கார்த்திக்குக்கு நடந்ததோடு, குரல்களோடும் கண்காணிப்பு எண்ணத்தோடும், இணைத்தால் 1. செய்வினை எண்ணத்தைக் கேட்டறிந்து, அம்மாவைக் குறை சொல்லாமல் மருத்துவ விளக்கத்தை அதன் பக்கத்தில் வைத்தால் 1. புரிந்ததைத் திருப்பிச் சொல்லக் கேட்டால் 1.

தகவல் பகுதியில், நடிகர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டுமே மதிப்பெண். கேட்காததைச் சொன்னால் எதுவும் கூடாது. மாத்திரை எவ்வளவு நாள் என்று கார்த்திக் கேட்பார். ‘வாழ்நாள் முழுக்க’ என்பதும் ‘ஆறு மாசம்’ என்பதும் தவறு. முதல்முறை வந்து தெளிந்த பிறகு குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டு, அப்புறம் சேர்ந்து முடிவெடுப்பது என்பது ஏற்கத்தக்க பதில். ஏன் என்று கேட்டால் சொல்ல நல்ல எண் இருக்கிறது. 2012-இல் லான்செட்டில் வந்த லாய்க்ட் குழுவின் தொகுப்பாய்வில், ஏறக்குறைய ஓராண்டுக்குள், மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. “பத்துப் பேர்ல மூணு பேரு, ஆறு பேரு” என்று சொன்னால் போதும். அடுத்து, தங்கைக்கும் வருமா என்பார். உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் வர வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய ஒன்பது, வராமலிருக்க வாய்ப்பு தொண்ணூற்றொன்று. இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி, மறுபடி வேலைக்குப் போக முடியுமா என்பது. சென்னையிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1981 முதல் ஆர். தாரா குழுவினர் முதல்முறை நோய் வந்த 90 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில் இடைவிடாமல் நோய்க்குறிகளோடு இருந்தவர்கள் சிறுபான்மையே. மாணவர் ஆய்வின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. “கண்டிப்பாப் போகலாம்” என்று உறுதி கொடுக்காமலும், “பார்க்கலாம்” என்று நழுவாமலும் பேசினால் போதும்.

தற்கொலை வாக்கியத்தைத் தவறவிட்டால் மொத்தமாகத் தோல்வி என்று வைக்கலாமா? இதில்தான் நீண்ட விவாதம். என் நிலைப்பாடு இது: கேட்காமல் விட்டவருக்கு அந்தப் பகுதியில் அதற்கான மதிப்பெண் போகும். காதில் விழுந்தும், “அப்படியெல்லாம் பேசக்கூடாது, தைரியமா இருங்க” என்று வாயை அடைத்தவருக்கு ஒட்டுமொத்தத் தரம் ‘எல்லைக்கோடு’க்கு மேல் போகக்கூடாது. நோயாளி திறந்த கதவை மூடுவது ஆபத்தான பழக்கம். பதற்றத்தில் ஒரு வாக்கியம் காதில் விழாமல் போவது தேர்வறையில் யாருக்கும் நடக்கும். ஒட்டுமொத்தத் தரத்தில் ‘தேறினார்’ வாங்காதவர், கூட்டல் எவ்வளவு இருந்தாலும், இரண்டாம் தேர்வாளரின் பார்வைக்குப் போவார்.

நடிகரின் 2 மதிப்பெண்ணுக்கு இரண்டே கேள்விகள்: “கார்த்திக்காக உங்களுக்கு என்ன நோய், அடுத்து என்ன என்று தெரிகிறதா? இந்த டாக்டரிடம் மறுபடி வருவீர்களா?” இரண்டுக்கும் ஒவ்வொன்று. நடிகர் மதிப்பெண் போடுவது வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாணவர்கள், இரண்டு தாள்கள்

ஒத்திகையில் வந்த இருவரின் உரையாடலை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மாணவர் உட்கார்ந்து, அறிமுகம் செய்துகொண்டு, முதல் நிமிடத்துக்குள்ளேயே, “உங்களுக்கு இருக்கிறது ஸ்கிசோப்ரினியா. இது மூளையில் டோபமைன்ங்கற ரசாயனம் கூடுறதால வருது” என்றார். பிறகு காரணங்கள், மருந்தின் வேலை, பக்கவிளைவு, உறக்கம், மது கூடாது, குடும்ப ஆதரவு என்று தெளிவாக வரிசையாக வந்தது. கார்த்திக் எல்லாவற்றுக்கும் “சரிங்க சார்” என்றார். எட்டாவது நிமிட வாக்கியத்துக்கு, “நெகட்டிவ்வா யோசிக்காதீங்க” என்றார். பழைய பட்டியலில் அவருக்கு 20-க்கு 17. புதிய திட்டத்தில் தொடக்கம் 1, பெயர் 2, உணர்ச்சி 1, தகவல் 3, பாதுகாப்பு 1, நடிகர் 0.5, மொத்தம் 8.5. என்ன நோய் என்று பிறகு நடிகரிடம் கேட்டோம். “ரசாயனம் ஏதோ அதிகம், மாத்திரை விடக்கூடாது” என்றார். பெயர் அவர் நினைவில் இல்லை.

இரண்டாவது மாணவி, “அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கலாமா கார்த்திக்? உங்களுக்கு நடந்ததை நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?” என்று ஆரம்பித்தார். செய்வினை வெளியே வந்தது. “கோயிலுக்குப் போறதை நான் நிறுத்தச் சொல்லலை. ஆனா குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்ற மாதிரி இருக்கிறது, இது ரெண்டும் சேர்ந்து மாசக்கணக்கா இருந்தா அதுக்கு மருத்துவத்துல மனச்சிதைவு நோய்னு பேரு. உங்களுக்கு இருக்கிறது அதுதான்” என்று சொல்லி நிறுத்தினார். மௌனம் நீண்டது. ‘எனக்கு மட்டும் வந்ததில்லையா’ என்றதும், “கேட்டதும் கொஞ்சம் நிம்மதியா இருக்கோ?” என்றார். தகவலில் தடுமாறினார். தங்கைக்கான எண் தெரியவில்லை, மாத்திரைக் காலத்தை மழுப்பினார். தற்கொலை வாக்கியத்துக்கு நேராக, “சாகணும்னு தோணுதா?” என்று கேட்டார், ஆனால் அடுத்த சந்திப்பைக் குறிப்பதற்குள் மணி அடித்தது. பழைய பட்டியலில் 11. புதியதில் 2.5, 3.5, 4, 1.5, 2, 2, மொத்தம் 15.5.

அவருக்குத் தெரியாத எண்ணை அன்று மாலையே படித்துக்கொள்ளலாம். முதல் மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பழைய தாள் எங்களுக்குக் காட்டியே இருக்காது.

தேர்ச்சிக் கோடு

‘பாதி எடுத்தால் பாஸ்’ என்று வைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பெரிய தேர்வுகளில், தேர்வாளர் போடும் ஒட்டுமொத்தத் தரத்தையும் கூட்டல் மதிப்பெண்ணையும் கோட்டில் பொருத்தி, எல்லைக்கோட்டு மாணவருக்கு வரும் மதிப்பெண்ணைத் தேர்ச்சிக் கோடாக எடுப்பார்கள். அது நல்ல முறை, ஆனால் நிறைய மாணவர் வேண்டும். ஒரு துறையில் கைவிரல் எண்ணிக்கையில் மாணவர் இருக்கும்போது, ஒருவர் மோசமாகச் செய்தாலே அந்தக் கோடு சாய்ந்துவிடும்.

எங்களைப் போன்ற சிறு துறைக்கு அங்காஃப் முறை பொருந்தும். தேர்வுக்கு முன்பே ஆசிரியர்கள் உட்கார்ந்து, ‘இவரை ஓபியில் தனியாக விடலாமா வேண்டாமா என்று நாம் தயங்குகிற மாணவர், இந்தப் பகுதியில் எவ்வளவு வாங்குவார்?’ என்று தனித்தனியே எழுதுகிறார்கள். பெரிய வித்தியாசம் வந்தால் பேசிவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். சராசரிகள் 2, 2.5, 2.5, 2, 1.5, 1 என்று வந்தால் தேர்ச்சிக் கோடு 11.5. இந்தப் பேச்சில்தான் ஆசிரியர்களுக்குள் இருக்கும் வேறுபாடு வெளியே வருகிறது. உணர்ச்சிப் பகுதிக்கு ஒருவர் 1 என்றும் இன்னொருவர் 4 என்றும் எழுதினால், அவர்கள் இருவரும் வார்டில் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு என்று அர்த்தம்.

இந்த நிலையத்தால் அளக்க முடியாதது

புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000-இல் வெளிவந்த ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையை மாணவர்கள் இதற்கும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். சூழல், அவருக்குத் தெரிந்தது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்பது, தகவல், உணர்ச்சி, திட்டம் என்ற அந்த வரிசை இங்கேயும் உதவுகிறது. ஆனால் ஸ்கேனில் கட்டியைக் காட்டிச் சொல்வது போல இங்கே காட்ட எதுவும் இல்லை. கார்த்திக் ஏழு மாதமாக வேறொரு விளக்கத்தோடு வாழ்ந்திருக்கிறார். ஒரே அமர்வில் அதை மாற்றி வைக்க முடியாது. உண்மையில் இந்த உரையாடல் வார்டில் மூன்று நான்கு தடவையாக, ஓபியில் மாதக்கணக்காக நடக்கிறது. பத்து நிமிட நிலையம் அதன் முதல் அமர்வை மட்டுமே பார்க்கிறது. அதனால்தான் கார்த்திக் நோயை ஏற்றுக்கொண்டாரா என்பதற்கு எங்கள் தாளில் மதிப்பெண்ணே இல்லை. ஏற்றுக்கொள்ள வைப்பதற்கு மதிப்பெண் வைத்திருந்தால் மாணவர்கள் வாதாடத் தொடங்கியிருப்பார்கள்.

வெளியே அனுப்பிய அப்பாவுக்கு இப்போது இணை நிலையம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். கார்த்திக்கின் அறையில் பத்து நிமிடம் முடிந்ததும் மாணவர் பக்கத்து அறைக்குப் போவார். அங்கே அப்பா, “சொல்லிட்டீங்களா?” என்று கேட்பார். முதல் அறையில் மாணவர் கார்த்திக்கிடம் என்ன ஒப்புக்கொண்டாரோ அதை இங்கே காக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்காக முதல் அறையின் தேர்வாளர், ரகசியம் பற்றி மாணவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதி இரண்டாம் அறைக்கு அனுப்பும் ஏற்பாட்டை இப்போது ஒத்திகை பார்க்கிறோம்.